பத்து டன் திராட்சைக்கு எத்தனை டன் மெஷின்?

குளிர் அறை கட்ட நினைக்கும் விவசாயியோ வியாபாரியோ முதலில் கேட்பது, "இந்த சைஸ் ரூமுக்கு எத்தனை டன் மெஷின் போடணும்?" என்பதுதான். விற்பவரும் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்டு உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். வீட்டு ஏசிக்கு இந்தப் பழக்கம் ஓரளவு ஒத்துவரும். விளைபொருள் வைக்கும் குளிர் அறைக்கு ஒத்துவராது. ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில் ஒன்றுக்கு ஒன்றரை டன் போதும், மற்றொன்றுக்கு மூன்று டன்னும் பற்றாது என்பது சர்வசாதாரணம். அறையின் அளவைவிட, அதற்குள் தினமும் என்ன வருகிறது, எத்தனை டிகிரியில் வருகிறது, கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பவையே மெஷினின் அளவைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்கைப் போட இன்ஜினீயரிங் பட்டம் வேண்டாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை இது. சந்தை விலை சரியும்போது நான்கு நாள் பிடித்துவைக்க ஓர் அறை இருந்தால் வியாபாரிக்குக் கைகொடுக்கும்.

கணக்குக்கு ஓர் அறை

அறை ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 90 கன மீட்டர் இடம். சுவர், கூரை, தரை எல்லாமே 100 மில்லிமீட்டர் பஃப் பேனல். தினமும் 3 டன் திராட்சை உள்ளே வருகிறது, நான்கு நாள் இருந்துவிட்டுப் போகிறது. ஆக எந்த நேரமும் உள்ளே சுமார் 12 டன் சரக்கு இருக்கும். வெளியே கோடை வெயில் 36 டிகிரி. அறைக்குள் வேண்டியது 1 டிகிரி. திராட்சைக்கு 0 டிகிரியை ஒட்டிய குளிரும் 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். அதற்காக மைனஸ் 2 வரை இறக்கினால் பழம் உறையத் தொடங்கிவிடும்.

கணக்கு முழுவதையும் "யூனிட்" அளவிலேயே போடலாம். மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான்; இங்கே அது ஒரு நாளில் அறையிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பத்தைக் குறிக்கிறது. இப்படிப்பட்ட மெஷின் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டரை யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். அதனால் வெப்பக் கணக்கில் குறையும் ஒவ்வொரு யூனிட்டும் மின்கட்டணத்திலும் குறையும்.

முதலில் சுவர். பேனலின் மொத்தப் பரப்பு 126 சதுர மீட்டர். நாளடைவில் பஃப்பின் தடுப்புத் திறன் கொஞ்சம் குறையும் என்பதையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கால் வாட் வெப்பம் நுழைவதாகக் கொள்ளலாம். வித்தியாசம் 35 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் சுமார் 1,100 வாட், அதாவது நாளொன்றுக்கு 26.5 யூனிட். அறையின் அளவை மட்டும் வைத்து மெஷின் சொல்பவர் உண்மையில் கணக்கிடுவது இந்த ஒரு வரியைத்தான். கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது இது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு என்று தெரியும்.

சரக்கு கொண்டுவரும் சூடு

பெரிய தொகை திராட்சையிடம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வரும் பழம் 28 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அதை 1 டிகிரிக்குக் கொண்டுவர 27 டிகிரி இறக்க வேண்டும். ஒரு கிலோ திராட்சையை ஒரு டிகிரி குளிர்விக்க 3.6 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 3,000 கிலோவை 3.6-ஆலும் 27-ஆலும் பெருக்கினால் 2,91,600 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். வகுத்தால் 81 யூனிட். சுவர் வழியாக வருவதைப் போல மூன்று மடங்கு.

இதற்குள் ஒரு பயனுள்ள எண் இருக்கிறது. மூன்று டன் திராட்சையின் ஒவ்வொரு டிகிரிக்கும் சரியாக 3 யூனிட். மதியம் பறித்து வெயிலில் நிறுத்திய வண்டியில் 34 டிகிரியில் வரும் பழத்துக்கும், விடியற்காலையில் பறித்து நிழலில் வைத்த 22 டிகிரிப் பழத்துக்கும் 12 டிகிரி வித்தியாசம். அது 36 யூனிட். நாள் முழுக்கச் சுவர் வழியாக வரும் வெப்பத்தைவிட அதிகம். பேனலின் கனத்தைக் கூட்டச் செலவழிப்பதைவிட, பறிக்கும் நேரத்தை மாற்றுவது இந்த அறைக்கு அதிக நன்மை செய்யும்.

பழத்தோடு பிளாஸ்டிக் கிரேட்டுகளும் குளிர வேண்டும். 20 கிலோ பிடிக்கும் 150 கிரேட்டுகளுக்கு 5 யூனிட். திராட்சை பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, அதிலும் வெப்பம் வருகிறது. குளிர்ந்த நிலையில் அது மிகக் குறைவு. 12 டன்னுக்கும் சேர்த்து நாளுக்கு 3 யூனிட் போதும். கீரை, காளான் போன்றவை மூச்சுவிடும் வேகம் இதைவிடப் பல மடங்கு என்பதால், அந்த அறைகளில் இந்த வரியை இப்படிச் சுலபமாகக் கடந்துபோக முடியாது.

இந்த 81 யூனிட்டில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் குளிர்ந்தால் போதும் என்று வைத்தே அதைச் சேர்க்கிறோம். "ஆறு மணி நேரத்தில் குளிரணும்" என்று வியாபாரி சொன்னால், பழத்துக்கு மட்டுமே 13.5 கிலோவாட் வேண்டும். பெரிய மெஷின் போட்டாலும், நெருக்கி அடுக்கிய கிரேட்டின் நடுவில் இருக்கும் கொத்துக்குக் காற்று போகாவிட்டால் அது குளிராது. விரைவாகக் குளிர்விக்க, விசிறியால் கிரேட்டுகளுக்குள்ளேயே காற்றை இழுக்கும் முன்குளிர்விப்பு அறை தனியாக வேண்டும். சேமிப்பு அறை குளிரைக் காப்பாற்றுவதற்கானது. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 1 டிகிரி காட்டுவதை நம்பி ஏமாறக் கூடாது. அடுக்கின் நடுக் கிரேட்டில், பழத்துக்குள் ஊசித் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

திறந்த கதவு

அடுத்தது கதவு. குளிர்ந்த காற்று கனமானது. கதவைத் திறந்ததும் அது மடை திறந்த வெள்ளம்போல் தரையோடு வெளியே பாய்கிறது. அது விட்டுச்செல்லும் இடத்தைப் பிடிக்க, கதவின் மேல்பாதி வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. திறந்த கதவருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தலைக்கு மேலே பிடித்தால் புகை உள்ளே போகும், முழங்காலுக்குக் கீழே பிடித்தால் வெளியே வரும்.

36 டிகிரியில் பாதி ஈரப்பதத்தோடு இருக்கும் ஒரு கன மீட்டர் வெளிக்காற்றை 1 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 90 கிலோஜூல் எடுக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் காற்றின் சூட்டால் வருவதில்லை. அதோடு வரும் நீராவியைத் தண்ணீராக்குவதற்குத்தான் போகிறது.

எத்தனை கன மீட்டர் காற்று மாறும்? பழைய கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. எழுபதை, அறையின் கன அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு நாளில் அறைக் காற்று எத்தனை முறை முழுதாக மாறும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 90 கன மீட்டருக்கு அது ஏழரைக்குப் பக்கம். தினமும் சரக்கு ஏற்றி இறக்கும் அறை என்பதால் இரட்டிப்பாக்கி 15 என்று கொள்கிறோம். 15 முறை 90 கன மீட்டர் என்றால் 1,350 கன மீட்டர். ஒவ்வொன்றுக்கும் 90 கிலோஜூல் வைத்தால் 34 யூனிட்.

இந்த எண் நடைமுறையில் எதைக் குறிக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். 1.2 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரமுள்ள கதவு முழுதாகத் திறந்திருக்கும்போது, இந்த வெப்பநிலைகளில் அறுபது எழுபது கிலோவாட் வேகத்தில் வெப்பம் நுழைகிறது. நாம் கடைசியில் தேர்ந்தெடுக்கப்போகும் மெஷினைப் போல ஆறேழு மடங்கு! அறைக் காற்று சூடாகச் சூடாக இந்த வேகம் தணியும். ஆனால் முதல் நிமிடங்களில் எந்த மெஷினும் அதோடு போட்டி போட முடியாது. ஆக நாம் எழுதிய 34 யூனிட் என்பது, கதவு ஒரு நாளில் மொத்தமாக அரை மணி நேரம் திறந்திருக்கலாம் என்ற அனுமதிதான். வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டு, கதவை விரியத் திறந்து போட்டு, 150 கிரேட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து இறக்கினால் அந்த அரை மணி ஒரே தடவையில் தீர்ந்துபோகும்.

இதனால்தான் கதவில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரையை வேண்டாத செலவாக நினைக்கக் கூடாது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தரையைத் தொட்டபடி தொங்கினால் நுழையும் வெப்பத்தில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். நடக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று நடுவில் நாலு பட்டையைச் சுருட்டிக் கட்டிவைத்தால் அந்தப் பலன் போய்விடும்.

பனியும் அதை உருக்கும் கணக்கும்

கதவு வழியாக வந்த நீராவி எங்கே போகிறது? 1,350 கன மீட்டர் காற்றோடு நாளுக்கு சுமார் 24 லிட்டர் தண்ணீர் நுழைகிறது. காற்றை அறைக்குள் சுழற்றும் கூலிங் யூனிட்டின் காயில்தான் அங்கே இருப்பதிலேயே குளிர்ந்த இடம். அதன் மேற்பரப்பு 0 டிகிரிக்குக் கீழே இருப்பதால், அந்தத் தண்ணீர் முழுவதும் அங்கே பனியாகப் படிகிறது. பழத்திலிருந்து வெளியேறும் ஈரமும் அதோடு சேரும். பனி படிந்த காயிலில் காற்று நுழைய வழி குறையும், வெப்பம் கடப்பதும் குறையும். ஆகவே அதை அவ்வப்போது உருக்க வேண்டும். அதுதான் டிஃப்ராஸ்ட்.

ஐந்தாறு டிகிரியில் இருக்கும் அறைகளில் மெஷினை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டாலே பனி உருகிவிடும். நம் அறை 1 டிகிரியில் இருப்பதால் அறைக் காற்றைக் கொண்டு உருக்க நெடுநேரம் ஆகும். இங்கே காயிலுக்குள் பதித்த மின் ஹீட்டர் வேண்டும். 4 கிலோவாட் ஹீட்டர் நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் ஓடினால் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். அதில் பனியை உருக்கிய வெப்பம், இரண்டு யூனிட் அளவுக்கு, வடிகால் தண்ணீரோடு வெளியே போய்விடும். மிச்சம் மூன்று யூனிட் அறைக்குள்ளேயே தங்கும். அதை மெஷின் மறுபடி வெளியேற்ற வேண்டும் என்பதால் கணக்கில் சேர்க்கிறோம்.

டிஃப்ராஸ்ட்டைக் கடிகாரம் தொடங்கிவைக்கலாம், முடித்துவைக்க வேண்டியது தெர்மோஸ்டாட். காயில் போதிய அளவு சூடானதும் ஹீட்டர் தானே நிற்க வேண்டும். நேரத்தை மட்டும் நம்பினால், பனி குறைந்த நாளில் ஹீட்டர் அறையைச் சூடாக்கும். பனி மிகுந்த நாளில் பாதி உருகிய நிலையிலேயே நின்றுவிடும், மிச்சம் மறுபடி உறைந்து கட்டியான ஐஸாகும். ஹீட்டர் நின்றபின் தண்ணீர் சொட்டி முடியச் சில நிமிடம் விட வேண்டும். அதன் பிறகு கம்ப்ரசர் ஓடிக் காயில் குளிர்ந்த பின்பே விசிறி சுழல வேண்டும். இல்லாவிட்டால் காயிலில் ஒட்டிய தண்ணீரை விசிறி பழத்தின்மேல் தெளித்துவிடும்.

கூட்டிப் பார்த்தால்

கூலிங் யூனிட்டின் விசிறி மோட்டார்களும் அறைக்குள்ளேயே ஓடி வெப்பம் தருகின்றன. அரை கிலோவாட், 20 மணி நேரம் என்றால் 10 யூனிட். ஆட்களுக்கும் விளக்குக்கும் சேர்த்து 2 யூனிட்.

சுவர் 26.5, பழம் 81, கிரேட் 5, மூச்சு 3, கதவு 34, விசிறி 10, ஆளும் விளக்கும் 2, டிஃப்ராஸ்ட் 3. மொத்தம் 164.5 யூனிட். எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 181.

இதை 24-ஆல் வகுத்தால் ஏழரைக் கிலோவாட் வரும். அப்படி வகுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. டிஃப்ராஸ்ட்டும் சொட்டும் நேரமும் சேர்ந்தே இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். மின்தடை வரும். 36-ஐத் தாண்டும் நாள் வரும். கம்ப்ரசர் 18 மணி நேரம் ஓடி வேலையை முடிக்க வேண்டும் என்று வைத்து வகுத்தால் 10 கிலோவாட். ஒரு டன் என்பது மூன்றரைக் கிலோவாட். ஆக, மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவு. இதே அறைக்கு ஏற்கெனவே குளிர்ந்த சரக்கு வந்து, கதவும் அபூர்வமாகவே திறக்கும் என்றால் ஒன்றரை டன்னுக்குள் முடிந்திருக்கும்.

கேட்டலாக்கில் உள்ள 10 கிலோவாட்

கணக்கு சரியாக வந்த பிறகும் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது எவாப்பரேட்டரைத் தேர்ந்தெடுப்பது. எவாப்பரேட்டர் என்பது காயிலும் விசிறியும் சேர்ந்த அந்தக் கூலிங் யூனிட்தான். அதன் திறன் நிலையான எண் அல்ல. அறைக் காற்றுக்கும், காயிலுக்குள் கேஸ் ஆவியாகும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து அது ஏறக்குறைய அதே விகிதத்தில் மாறும். தொழிலில் இதை டிடி என்பார்கள். 10 டிகிரி டிடியில் 10 கிலோவாட் தரும் யூனிட், 6 டிகிரி டிடியில் 6 கிலோவாட்டைத்தான் தரும்.

நமக்கு வேண்டியது 6 டிகிரியோ அதற்கும் குறைவோ. காரணம் ஈரப்பதம். காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு தீவிரமாக அது காற்றிலிருந்து ஈரத்தைப் பறிக்கும். வறண்ட காற்று அந்த ஈரத்தைத் திராட்சையிடமிருந்து ஈடுகட்டிக்கொள்ளும். முதலில் கொத்துக் காம்பு பச்சை மாறிப் பழுப்பாகும், பிறகு பழம் சுருங்கும். 12 டன்னில் ஒரு சதவீத எடை குறைந்தாலே 120 கிலோ போயிற்று.

ஆகவே 6 டிகிரி டிடியில் 10 கிலோவாட் வேண்டும் என்றால், 10 டிகிரி அளவில் 16, 17 கிலோவாட் என்று போட்டிருக்கும் யூனிட்டை வாங்க வேண்டும். விலை கூடும். அதைத் தவிர்க்க "10 கிலோவாட்" என்று எழுதிய சிறிய யூனிட்டை மாட்டினாலும் அறை குளிரத்தான் செய்யும். கம்ப்ரசர் அதற்கேற்ப ஆவியாதல் வெப்பநிலையைக் கீழே இழுத்துக்கொள்ளும். அப்போது கம்ப்ரசரின் திறன் குறைந்து ஓடும் நேரம் கூடும், பனி அதிகம் பிடிக்கும், பழம் உலரும். வாங்கிய அன்று இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

காயிலின் தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் கேட்க வேண்டும். ஏசி காயிலில் அது இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைக் குளிர் அறையில் மாட்டினால் சில மணி நேரத்திலேயே பனி அடைத்துவிடும். இந்த அறைக்கு நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் இருப்பது நல்லது. விசிறிக் காற்று எதிர்ச் சுவர்வரை எட்ட வேண்டும். அது எட்ட, கூரைக்கும் மேல் கிரேட்டுக்கும் நடுவே இடம் விட்டுத்தான் அடுக்க வேண்டும்.

பனி சொல்லும் சேதி

அறை ஓடத் தொடங்கிச் சில மாதம் கழித்து, "முன்ன மாதிரி குளிரல" என்ற புகார் வரும். வரும் மெக்கானிக் பெரும்பாலும் முதலில் செய்வது கேஸ் ஏற்றுவது. அதற்கு முன் காயிலை ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். காயிலின் முகம் முழுக்க ஒரே சீராகப் பனி மூடியிருந்தால் அது கேஸ் குறைவல்ல; டிஃப்ராஸ்ட் சரியாக நடக்கவில்லை, அல்லது கதவு வழியாக ஈரம் மிகுதியாக வருகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வை ஒட்டிய சில குழாய்களில் மட்டும் பனி பிடித்து மற்றப் பகுதி வெறுமையாக இருந்தால்தான் கேஸ் குறைவையோ வால்வு அடைப்பையோ சந்தேகிக்க வேண்டும். பனி அடைத்த காயிலுக்கு மேலும் கேஸ் ஏற்றினால், ஆவியாகாத திரவம் கம்ப்ரசர்வரை போய் அதையே உடைத்துவிடும்.

கம்ப்ரசர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் குறித்துவைக்கலாம். கணக்கு 18 மணி சொன்னது. 22 மணி ஓடினால் மேலே எழுதிய எட்டு வரிகளில் ஏதோ ஒன்று மீறப்படுகிறது. சரக்கு சூடாக வருகிறதா, கதவு அதிக நேரம் திறந்திருக்கிறதா, டிஃப்ராஸ்ட் பிசகுகிறதா என்று அதே வரிசையில் தேடலாம்.

எனவே குளிர் அறைக்கு விலைப்புள்ளி வாங்கும்போது, டன்னையும் விலையையும் மட்டும் வாங்கிவராதீர்கள். தினம் எத்தனை கிலோ, எத்தனை டிகிரியில் வரும், எவ்வளவு நேரத்தில் குளிர வேண்டும், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும், எத்தனை மணி நேர ஓட்டம், எத்தனை டிகிரி டிடியில் எவாப்பரேட்டரின் திறன் என்று அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இவற்றை எழுதித் தர முடியாதவர் கணக்கே போடாமல்தான் மெஷின் அளவைச் சொல்லியிருக்கிறார்.